குறைபார்வையுள்ள கல்லூரி மாணவர் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டு எழுதும் கடிதம்: முழுமையான வழிகாட்டி

முழுமையாகப் பார்வையிழந்த மாணவர் தேர்வு எழுத ஒருவரைத் துணைக்குக் கேட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. குறைபார்வையுள்ள மாணவரின் நிலை வேறு. அவர் கைத்தடியின்றி அலுவலகத்துக்கு நடந்து வருகிறார், கைப்பேசியைக் கண்ணருகே வைத்துச் செய்தி படிக்கிறார், விண்ணப்பத்தில் தாமே கையெழுத்திடுகிறார். இவற்றைப் பார்த்த அதிகாரிக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன: "கூடுதல் நேரம் கொடுத்தால் நீங்களே எழுதலாமே?" என்பது ஒன்று, "எழுத ஆள் கொடுத்த பிறகு கூடுதல் நேரம் எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை சொல்லாத கடிதம் பெரும்பாலும் பாதி அனுமதியோடுதான் திரும்பி வரும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டு வினாக்களைச் சுற்றியே அமைந்துள்ளது.

விளக்கத்துக்கு ஒரு மாதிரி மாணவியை எடுத்துக்கொள்வோம். அவர் இளங்கலை வரலாறு இறுதியாண்டு படிக்கிறார். விழித்திரையின் நடுப்பகுதியைப் பாதிக்கும் ஸ்டார்கார்ட் நோய் அவருக்கு உண்டு. இந்நோயில் பக்கப் பார்வை பெரும்பாலும் எஞ்சியிருக்கும். நேர் எதிரே உள்ளதைக் காட்டும் நடுப்பார்வைதான் மங்கிப்போகும். ஆகவே அவரால் கூட்டத்தில் இடிபடாமல் நடக்க முடியும். ஆனால் எந்த எழுத்தை நேராகப் பார்க்கிறாரோ அந்த எழுத்துதான் அவருக்குத் தெரியாது. கண்ணைச் சற்றுச் சாய்த்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், திரையின் வெளிச்சமும் உதவும். அச்சிட்ட வினாத்தாளில் இந்த இரண்டும் இல்லை.

யாருக்கு, எப்போது

விடைத்தாளைத் திருத்தும் தேர்வாளருக்கு இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது. மதிப்பிடுபவருக்கு மாணவர் யாரென்று தெரியாமல் இருப்பதே முறை. வசதிகளை அனுமதிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்திலோ தன்னாட்சிக் கல்லூரியிலோ உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கே உண்டு. அவருக்கு, துறைத் தலைவர், முதல்வர் ஆகியோர் வழியாகக் கடிதம் செல்ல வேண்டும். தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளருக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும். தேர்வு நாளன்று உத்தரவைச் செயல்படுத்தப்போகிறவர் அவர்தான்.

தேர்வு விண்ணப்பத்தோடு சேர்த்தே கடிதத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. அது இயலாவிட்டால் தேர்வுக்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பாவது கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆள் தேடுவதற்கு அவ்வளவு காலம் தேவைப்படுகிறது என்பதைவிட, வினாத்தாள் அச்சாகி முத்திரையிடப்பட்ட பிறகு அதைப் பெரிய எழுத்தில் அமைத்துத் தர யாராலும் முடியாது என்பதே இதற்கு முக்கியக் காரணம்.

கடிதத்துக்கு முன் ஓர் அளவீடு

பெரும்பாலான கடிதங்கள் நோயின் பெயரையும் ஊனத்தின் சதவீதத்தையும் மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன. தேர்வு அலுவலருக்கு அவற்றிலிருந்து எதுவும் புலப்படாது. பார்வைக் கூர்மை 6/60 என்றால் மற்றவர் 60 மீட்டரிலிருந்து காண்பதை இவர் 6 மீட்டருக்குள் வந்தால்தான் காண்பார் என்று பொருள். அது தூரப் பார்வையின் அளவு. கையிலுள்ள வினாத்தாளை எவ்வளவு நேரத்தில் படிக்க முடியும் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்ல மாணவரே அளந்து பார்க்க வேண்டும்.

முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்று, கடிகாரம், எழுத உதவ ஒரு நண்பர், கூடவே துறை ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும். நம் மாணவியின் வினாத்தாளில் ஏறத்தாழ 600 சொற்கள் இருந்தன. அவரால் நிமிடத்துக்கு 40 சொற்கள் படிக்க முடிந்தது; ஆக, ஒருமுறை படித்து முடிக்கவே 15 நிமிடம் ஆயிற்று. பிறகு அரை மணி நேரம் தம் கையால் விடை எழுதினார். 210 சொற்கள் தேறின, அதாவது நிமிடத்துக்கு 7. அவற்றிலும் சில வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன; எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னபோது அவராலேயே படிக்க முடியவில்லை. வேறொரு நாள், நண்பர் எழுத, அவர் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டே வந்தார். 330 சொற்கள் தேறின, நிமிடத்துக்கு 11. இரண்டு அளவீடுகளையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. கண் களைத்துவிட்டால் இரண்டாவது அளவு பிழையாகிவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று மணி நேரத் தாளுக்கு முழு விடையாக அவர் 2000 சொற்கள் எழுத வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். தாமே எழுதினால் எழுத மட்டும் ஏறத்தாழ 286 நிமிடம், வினாத்தாளை இருமுறை படிக்க 30 நிமிடம், மொத்தம் 316. ஒரு மணி நேரம் கூட்டிக் கொடுத்தாலும் கிடைப்பது 240 நிமிடந்தான். ஆகவே நேரம் மட்டும் போதாது. மற்றொருவர் எழுதினால், சொல்லி எழுத 182 நிமிடம், வினாத்தாளை இருமுறை வாசித்துக் கேட்க 12 நிமிடம், எந்த வினாக்களைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய 10 நிமிடம், எழுதிய விடைகளை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லித் திருத்த 17 நிமிடம், மொத்தம் 221. வழக்கமான 180 நிமிடத்துக்குள் இதுவும் அடங்காது. 240 நிமிடத்துக்குள் அடங்கும். எனவே எழுத ஆள் மட்டும் கொடுத்தாலும் போதாது. அதிகாரியின் இரண்டு ஐயங்களும் இந்த ஒரு கணக்கிலேயே தீர்ந்துவிடுகின்றன.

அளந்த எண்களைக் கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டாம். அலுவலகம் மருத்துவரிடமோ துறையிடமோ விசாரித்தால் அதே எண்கள் திரும்ப வர வேண்டும். உடனிருந்த ஆசிரியர் அளவீட்டுத் தாளில் தேதியிட்டுக் கையொப்பமிட்டால் அதை இணைப்பாகச் சேர்க்கலாம்.

மருத்துவச் சான்றில் என்ன இருக்க வேண்டும்

ஊனமுற்றோர் அடையாள அட்டை தகுதியைக் காட்டும்; தேவையைக் காட்டாது. கண் மருத்துவரிடம் தனியாக ஒரு சான்று பெற வேண்டும். கண்ணாடி அணிந்த பின்னும் எஞ்சும் பார்வையின் அளவு, படிக்கத் தேவையான எழுத்தின் அளவு, எவ்வளவு நேரம் தொடர்ந்து படித்தால் கண் களைக்கிறது என்பவற்றோடு, "இவரால் நீண்ட விடைகளைத் தம் கையால் எழுத இயலாது, சொல்வதை எழுதுபவர் தேவை" என்னும் வாக்கியம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். "குறைபார்வை உள்ளது" என்று மட்டும் எழுதிய சான்று இந்த வேலைக்கு உதவாது.

இந்தியாவில் படிப்பவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. 2018 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல்களின்படி, பார்வையின்மை, இரு கைகளும் பாதிக்கப்பட்ட நிலை, மூளை முடக்குவாதம் ஆகியவை உள்ளவர்களுக்கு அவர்கள் விரும்பிக் கேட்டாலே எழுதுபவர் அனுமதிக்கப்பட்டார். மற்ற வகையினர், எழுதுவதில் உடல்சார்ந்த தடை உண்டு என்று அரசு மருத்துவமனையின் உரிய அதிகாரி தரும் சான்றைக் காட்ட வேண்டியிருந்தது. குறைபார்வை அந்த இரண்டாவது வகையில் வந்து நின்றதால்தான், 40 சதவீதத்துக்கு மேல் ஊனச் சான்று வைத்திருந்தும் பலருடைய விண்ணப்பம் திரும்பி வந்தது. எழுதுபவரோடு தேர்வு எழுதுவோருக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருந்தது. மூன்று மணி நேரத் தாளுக்கு அது 60 நிமிடம் ஆகிறது.

பிற நாடுகளில் அளவு வேறுபடும். பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வுகளில் 25 சதவீதக் கூடுதல் நேரம் வழக்கமான அளவு. மூன்று மணி நேரத்துக்கு அது 45 நிமிடமே. ஆகவே முதலில் தங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதியைப் படித்து, அதன் பெயரையும் பிரிவு எண்ணையும் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். விதியே இல்லாத இடத்தில், 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் உறுப்பைச் சுட்டலாம். உயர்கல்வியில் நியாயமான வசதிகள் செய்து தரப்பட வேண்டும் என்று அதன் ஐந்தாம் பத்தி சொல்கிறது. இரண்டு வரிக்கு மேல் சட்டம் பேச வேண்டாம். முதல் கடிதமே வழக்கறிஞர் அறிவிப்பைப் போல இருந்தால் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே தங்கிவிடும்.

எதை எப்படிக் கேட்பது

"தேவையான உதவிகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற வாக்கியத்தால் எதுவும் கிடைக்காது. எதைக் கேட்கிறோமோ அதை உத்தரவில் அப்படியே எடுத்து எழுதத்தக்க சொற்களில் கேட்க வேண்டும்.

எழுதுபவர் என்று மட்டும் கேட்டால், அவர் வினாத்தாளை வாசித்துக் காட்டுவதை அறைக் கண்காணிப்பாளர் தடுக்கக்கூடும். சில விதிகளில் வாசிப்பவரும் எழுதுபவரும் வெவ்வேறு வசதிகளாகவே கருதப்படுகின்றனர். ஆகவே "வினாத்தாளை வாசித்துக் காட்டவும், நான் சொல்லும் விடைகளை எழுதவும், எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டவும்" என்று மூன்று பணிகளையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பெரிய எழுத்து வினாத்தாள் கேட்பவர்கள் செய்யும் ஒரு பிழை உண்டு. "பெரிதாக்கிய நகல்" என்று எழுதினால், அலுவலகம் ஏ4 தாளை ஏ3 தாளில் நகலெடுத்துக் கொடுத்துவிடும். அப்படி எடுக்கும்போது எழுத்தின் அளவு 1.41 மடங்கு மட்டுமே கூடுகிறது. 12 புள்ளி எழுத்து 17 புள்ளியாகத்தான் ஆகும். நம் மாணவிக்குத் தேவை 24 புள்ளி. மேலும் நகலில் எழுத்தின் கறுப்பும் மங்கிப்போகும், தாளும் மேசைக்கு அடங்காது. "24 புள்ளி அளவில், தடித்த எழுத்தில் புதிதாக அமைத்து ஏ4 தாளில் அச்சிட்ட வினாத்தாள்" என்று கேட்பதே சரி. வாசிக்க ஆள் இருக்கும்போது இது ஏன் என்று கேட்கலாம். விடை சொல்லிக்கொண்டிருக்கும்போது, வினாவில் "விளக்குக" என்று இருந்ததா "ஒப்பிடுக" என்று இருந்ததா என்று ஒரு நொடி தாமே பார்த்துக்கொள்ள அது உதவும்.

வரலாற்றுத் தாளில் நிலப்படத்தில் இடங்களைக் குறிக்கும் வினா இருந்தால், அதற்கு மாற்று வினா கேட்க வேண்டும். தேர்வறையில் இதைக் கேட்டுப் பயனில்லை.

தொனியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வறுமை, பெற்றோரின் கண்ணீர், "இருண்டுபோன வாழ்க்கை" ஆகியவற்றைக் கடிதத்தில் கொண்டுவருவது எனக்கு உடன்பாடு இல்லை. அவை வந்தால் அதிகாரி கோப்பைச் சலுகையாகப் பார்க்கத் தொடங்குகிறார். சலுகை என்றால் பாதியாகக் கொடுக்கலாம் என்ற எண்ணமும் கூடவே வரும்.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்
(பெயர்), இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு, பதிவெண் (…), (கல்லூரியின் பெயர்)

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், (பல்கலைக்கழகத்தின் பெயர்)

வழி: துறைத் தலைவர், முதல்வர்

பொருள்: குறைபார்வை – ஆறாம் பருவத் தேர்வு – சொல்வதை எழுதுபவரும் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும் அனுமதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நான் மேற்கண்ட பதிவெண்ணில் ஆறாம் பருவத் தேர்வு எழுத விண்ணப்பித்துள்ளேன். விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்பட்டதால் எனக்குக் குறைபார்வை உள்ளது. கண்ணாடியால் இதைச் சரிசெய்ய இயலாது. பக்கப் பார்வை இருப்பதால் நான் துணையின்றி நடமாடுகிறேன். ஆயினும் அச்சிட்ட எழுத்தை நிமிடத்துக்கு 40 சொற்கள் என்ற வேகத்திலேயே படிக்க முடிகிறது. என் கையால் நிமிடத்துக்கு 7 சொற்களே எழுத முடிகிறது. எழுதியதை என்னால் திரும்பப் படிக்க இயலவில்லை. எங்கள் துறை ஆசிரியர் முன்னிலையில் செய்த அளவீடு இணைக்கப்பட்டுள்ளது.

மூன்று மணி நேரத் தாளை நானே எழுதினால் ஏறத்தாழ 316 நிமிடம் தேவைப்படுகிறது. வேறொருவர் எழுதினால், வினாக்களை வாசித்துக் கேட்பதும் விடைகளைச் சரிபார்ப்பதும் சேர்த்து ஏறத்தாழ 221 நிமிடம் தேவைப்படுகிறது. ஆகவே இரண்டு வசதிகளும் ஒருங்கே கிடைத்தால்தான் நான் தேர்வை முடிக்க இயலும்.

எனவே (விதியின் பெயரும் பிரிவும்) படி, எல்லாத் தாள்களுக்கும் கீழ்க்காண்பவற்றை அனுமதிக்க வேண்டுகிறேன். வினாத்தாளை வாசித்துக் காட்டவும், நான் சொல்லும் விடைகளை எழுதவும், எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டவும் ஒருவர். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் என்ற அளவில் கூடுதல் நேரம். 24 புள்ளித் தடித்த எழுத்தில் அமைத்த வினாத்தாள். நிலப்பட வினாவுக்கு மாற்று வினா. நான் விடை சொல்வது பிறருக்குக் கேட்காதபடி தனி அறை.

எழுதுபவரை நானே அழைத்து வர விரும்புகிறேன். அவருடைய கல்விச் சான்றும் உறுதிமொழிக் கடிதமும் இணைத்துள்ளேன். அவர் வர இயலாமற்போனால் பதிலாக வரக்கூடிய மற்றொருவரின் விவரமும் இணைப்பில் உள்ளது.

தங்கள் உத்தரவின் நகலை எனக்கும் தேர்வு மைய முதன்மைக் கண்காணிப்பாளருக்கும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், தேதி, தொலைபேசி எண்)

இணைப்புகள்: ஊனச் சான்று, கண் மருத்துவரின் சான்று, அளவீட்டுத் தாள், எழுதுபவர் இருவரின் ஆவணங்கள்.

எழுதுபவரைத் தேர்ந்தெடுத்தல்

பேச்சுவழக்கில் ஸ்கிரைப் என்று அழைக்கப்படும் இவரை மாணவரே அழைத்து வரலாமா, அலுவலகம்தான் அமர்த்துமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அழைத்து வருபவர் தேர்வரைவிடக் கல்வித்தகுதியில் ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. அதே பாடம் படித்தவராக இருக்கக் கூடாது என்றும் சில இடங்களில் உண்டு. இதன் விளைவு என்னவென்றால், பாடத்தின் சிறப்புச் சொற்கள் அவருக்குத் தெரியாது. நம் மாணவியின் பயிற்சியில் அரசர் பெயர்களையும் கல்வெட்டு இடங்களையும் எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 11 சொற்களில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே அவரோடு இரண்டு மூன்று முறையாவது முழுத் தாள் எழுதிப் பழக வேண்டும். புதிய பத்தி, அடிக்கோடு, பக்க எண் ஆகியவற்றை எப்படிச் சொல்வது என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கொடுத்த பிறகு

கடிதத்தைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம், தேர்வன்று வாருங்கள்" என்ற வாய்மொழி உறுதி தேர்வறையில் செல்லாது. பத்து நாளுக்குள் பதில் இல்லையென்றால், முந்தைய கடிதத்தின் தேதியைச் சுட்டி ஒரு சிறு நினைவூட்டு எழுதலாம்.

உத்தரவு வந்ததும் வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதுபவர் அனுமதிக்கப்பட்டு, கூடுதல் நேரம் விடுபட்டிருப்பதே அடிக்கடி நேரும் குறை. முதல் தாளின் குறியீடு மட்டும் இருந்து மற்றத் தாள்கள் இல்லாமற்போவதும் உண்டு. இரண்டையும் அன்றே எழுத்தில் சுட்டித் திருத்தம் கேட்க வேண்டும். வேண்டுகோள் மறுக்கப்பட்டால், எந்த விதியின் கீழ் மறுக்கப்பட்டது என்று காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு அந்தக் காரணந்தான் அடிப்படையாக அமையும். மருத்துவச் சான்றில் உள்ள ஒரு வாக்கியக் குறையே காரணம் என்று தெரிந்தால், மேல்முறையீட்டைவிடப் புதிய சான்று விரைவாக வேலையை முடிக்கும்.

தேர்வு நாளன்று உத்தரவின் நகல்கள் இரண்டை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை அறைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிடலாம். தேர்வு தொடங்குமுன், முடியும் நேரத்தைக் கடிகார நேரமாகவே அவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்: 10 மணிக்குத் தொடங்கும் மூன்று மணி நேரத் தாள் 2 மணிக்கு முடியும். இதைச் சொல்லி வைக்காவிட்டால், 1 மணிக்கு மணி அடித்ததும் எல்லா அறைகளிலும் விடைத்தாள் வாங்குவதுபோல இங்கேயும் வாங்க வருவார்கள். எழுதுபவர் தாமதமாக வந்ததால் அல்லது பெரிய எழுத்து வினாத்தாள் வராததால் நேரம் வீணானால், எத்தனை நிமிடம் என்பதை அறைக் கண்காணிப்பாளரின் அறிக்கையில் அப்போதே குறிக்கச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு தாளுக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை அன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் இந்த அனுமதியைத் தேர்வுக்குத் தேர்வு புதுப்பிக்க வேண்டியிருக்கும். அடுத்த விண்ணப்பத்தில், வீட்டில் அளந்த எண்களுக்குப் பதிலாகத் தேர்வறையிலேயே கிடைத்த எண்களை இணைக்கலாம்.